சொன்னது ஒன்று, கேட்டது வேறு: கோத்தகிரிப் பகுதியில் மூத்தோருக்கு மருத்துவக் காப்பீடு விற்றதில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு 2024 ஆகஸ்ட் முதல் 2026 தொடக்கம் வரை, நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில ஊர்களில் நடந்தது. இதில் வரும் முகவர் நாற்பது வயதை நெருங்கும், அதே பகுதியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். அவருடைய வேலையை மேற்பார்வை செய்யும் பொறுப்பில் நான் இருந்தேன். ஆகவே இதில் சொல்லப்படும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

இந்தப் பகுதியில் அறுபது வயதைக் கடந்தவர்களில் கணிசமானோர் தேயிலை எஸ்டேட்டுகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி, வேலையில் இருக்கும்வரை எஸ்டேட் நிர்வாகம் மருத்துவ வசதி தர வேண்டியிருந்தது. அந்த வசதியிலேயே முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு, ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு பேரிடியாக இருக்கும். பெரிய சிகிச்சை என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போக வேண்டும். பிள்ளைகளில் பலர் திருப்பூரிலோ கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். காப்பீட்டுக்கான தேவை உண்மையானது. ஒரு காலத்தில் 65 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய பாலிசி கிடைப்பதே அரிதாக இருந்தது. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா வயதினருக்கும் பாலிசி வழங்க வழி செய்ததும், எங்கள் நிறுவனம் உட்படப் பல நிறுவனங்கள் மூத்தோரை நோக்கித் திரும்பின.

நாங்கள் விற்றது இரண்டு பேருக்கும் சேர்த்து 3 லட்ச ரூபாய்க்கான ஓராண்டுப் பாலிசி. 67 வயதுக் கணவரும் 63 வயது மனைவியும் சேர்ந்தால் பிரீமியம், அப்போதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டியோடு, ஏறக்குறைய 31,000 ரூபாய் வந்தது. இது அவர்களுக்குச் சிறிய தொகை அல்ல.

முதல் கூட்டமும் முதல் துண்டறிக்கையும்

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். 34 பேர் வந்தார்கள். இலவசமாக ரத்த அழுத்தம் பார்த்தோம், தேநீர் கொடுத்தோம், அன்றே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தோம். 11 விண்ணப்பங்கள் கிடைத்தன. அந்த மாதத்தில் எங்கள் பகுதியில் அது மிக நல்ல எண்ணிக்கை; நான் முகவரைப் பாராட்டினேன்.

துண்டறிக்கையை முகவரே எழுதி, கோத்தகிரியில் ஓர் அச்சகத்தில் அடித்திருந்தார். தூய தமிழ்ச் சொற்களை அடுக்காமல், வீட்டில் பேசுவதுபோல எழுதியிருந்தார். எழுத்தும் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் அந்தத் தாளை எடுத்துப் படித்தால், புரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. “ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3 லட்சம் வரை”, “கையில் காசு கட்ட வேண்டாம்”, “முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு”, “எந்த வயதிலும் சேரலாம்” என்பவையே அதன் முக்கிய வரிகள். இவற்றில் எதையும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையில், அனுமதிக்கப்பட்ட தொகைக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். கண்புரை, குடலிறக்கம், முழங்கால் மூட்டு மாற்று போன்ற சிலவற்றுக்கு 24 மாதம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம். அத்தோடு ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் வாடிக்கையாளர் பொறுப்பு. இவை எல்லாம் பாலிசிப் புத்தகத்தில் இருந்தன, துண்டறிக்கையில் இல்லை.

முகவர் வெளியிடும் விளம்பரம் எதுவானாலும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். இந்தத் தாள் அந்த வழியில் போகவில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் அதை என் கையில் கொடுத்தபோது நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கண் ஆபரேஷன்

பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. 11 பேரில் மூவர் அந்தக் காலத்திலேயே திருப்பினார்கள். பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். அதை நாங்கள் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளாமல் நஷ்டமாக மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2025 ஜனவரியில், ஓர் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற 67 வயதுப் பெரியவர், கண்புரை அறுவைக்காகக் கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனார். பாலிசி அட்டையைக் கொடுத்துவிட்டு, மனைவியோடு வரவேற்பறையில் காத்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு, கண்புரைக்கு 24 மாதக் காத்திருப்பு இருக்கிறது, அனுமதி இல்லை என்று பதில் வந்தது. திருப்பூரிலிருந்த மகன் 28,000 ரூபாய் அனுப்பினார், அறுவை நடந்தது.

பிரச்சினை அதோடு முடியவில்லை. மருத்துவமனை அனுப்பிய குறிப்பில் “எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்” என்று இருந்தது. விண்ணப்பத்திலோ “ஏற்கெனவே நோய் உண்டா” என்ற கேள்விக்கு “இல்லை” என்று இருந்தது. உண்மையை மறைத்ததாக விளக்கம் கேட்டு நிறுவனம் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால், பெரியவர் அதைப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நாற்பது வருடம் மற்றவர்களின் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதிய மனிதர், தான் பொய் சொன்னதாக ஒரு கடிதம் சொல்வதை இன்னொருவர் வாயால் கேட்க நேர்ந்தது.

முகவரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். “நீ பொய் சொல்லலைம்மா. நீ கொடுத்த தாளை மறுபடி படிச்சுப் பார்த்தேன். ஆனா நான் கேட்டது வேற,” என்றார். விண்ணப்பம் நிரப்பிய அன்று என்ன நடந்தது என்று கேட்டோம். முகவர் “பெரிசா வியாதி எதுவும் இருக்காங்கய்யா?” என்று கேட்டிருக்கிறார். அவர் “அதெல்லாம் இல்லை” என்று சொல்லியிருக்கிறார். “சர்க்கரை இருக்கே ஐயா?” என்று இப்போது கேட்டபோது, “சர்க்கரை இருக்கு. அதுக்கு மாத்திரை போடுறேன், கட்டுக்குள்ள இருக்கு. அது எப்படி வியாதியாகும்?” என்று உண்மையான குழப்பத்தோடு திருப்பிக் கேட்டார். ஒருவரைப் படுக்கையில் தள்ளுவதுதான் அவருக்கு வியாதி. தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து போகிறவர் நோயாளி அல்ல. அவருடைய தலைமுறையில் பெரும்பாலானோர் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதைப் பிறகு வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டோம்.

எட்டு வீடுகளில் பார்த்தது

2025 பிப்ரவரி, மார்ச்சில் மீதமிருந்த எட்டு வாடிக்கையாளர் வீடுகளுக்கும் இருவரும் சேர்ந்து போனோம். புதிதாக எதையும் விற்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினோம். ஒவ்வொரு வீட்டிலும் முகவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: “இந்தப் பாலிசி என்ன செய்யும்னு உங்க தங்கச்சி கேட்டா, எப்படிச் சொல்வீங்க?”

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். வயதில் இளைய ஒரு பெண் பொறுமையாக விளக்கிய பிறகு, புரியவில்லை என்று சொல்ல மூத்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்கும்போது அந்தக் கூச்சம் விலகிவிடுகிறது. அவர்கள் மனதில் உண்மையில் என்ன பதிந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. எட்டு வீடுகளில் ஆறில், ஆஸ்பத்திரிப் பில் முழுவதையும் கம்பெனியே கட்டும் என்று சொன்னார்கள். 20 சதவீதப் பங்கு ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பாட்டி, ஐந்து வருடம் கட்டினால் போட்ட பணம் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. “பாலிசி” என்ற சொல்லே அவருக்கு அப்படித்தான் பொருள்பட்டது.

இரண்டாவது வேலை மாத்திரைகளைப் பார்ப்பது. முகவர் நோயைப் பற்றிக் கேட்காமல், “தினம் போடுற மாத்திரை எல்லாம் கொண்டு வாங்கம்மா, பார்ப்போம்” என்றார். பழைய பிஸ்கட் டப்பாக்களும், ஹார்லிக்ஸ் பாட்டில்களும், ஒரு வீட்டில் துணிக்கடை மஞ்சள் பையும் வந்தன. மெட்ஃபார்மின் என்றால் சர்க்கரை, ஆம்லோடிபின் என்றால் ரத்த அழுத்தம் என்று இருவருக்கும் அதற்குள் பழகியிருந்தது. பெயர் தெரியாததை மருந்துக்கடையில் கேட்டுக்கொண்டோம். ஐந்து வீடுகளில் விண்ணப்பத்தில் சொல்லப்படாத மாத்திரை இருந்தது.

மூன்றாவதாகக் கண்டது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. எட்டுப் பேரில் இருவர் அரசு ஓய்வூதியர்கள். ஓய்வூதியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக மாதந்தோறும் அவர்கள் ஓய்வூதியத்திலேயே பணம் பிடிக்கப்படுகிறது. அந்த அட்டையை பீரோவில் வைத்துவிட்டு எங்களிடமும் பிரீமியம் கட்டியிருந்தார்கள். இன்னொரு குடும்பம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்ததால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பிரீமியம் இல்லாமலே சேரத் தகுதி பெற்றிருந்தது. அவர்கள் எங்களிடம் 3 லட்சத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஐந்து வீடுகளின் விடுபட்ட விவரங்களையும் நாங்களாகவே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிப்பது. இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. நிறுவனம் பாலிசிகளை ரத்து செய்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் ஐந்து ஆண்டு தொடர்ந்து புதுப்பித்த பிறகுதான், மோசடி தவிர வேறு காரணத்துக்காக, மறைத்தார் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாத நிலை வரும். அதுவரை இந்தத் தவறு, அவர்கள் உடல் நலம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும் நேரத்தில் வெளிவரும். அவர்கள் நலமாக வீட்டில் இருக்கும்போதே அது வெளிவருவது நல்லது என்று முகவர் வாதிட்டார். அவர் சொன்னதே சரி. மருந்துச் சீட்டு நகல்களோடு கடிதம் அனுப்பினோம். விண்ணப்பத்தை நிரப்பியவர் முகவர்தான், கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது என்பதையும் கடிதத்தில் எழுதினோம். ஐந்து பாலிசிகளும் தொடர்ந்தன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 36 மாதக் காத்திருப்பு சேர்க்கப்பட்டது. இருவருக்கு அடுத்த பிரீமியம் சற்றுக் கூடியது. கணக்கப்பிள்ளை ஐயாவின் பாலிசியும் அதில் ஒன்று.

இரண்டாவது முடிவு, ஒரே நாளில் கையெழுத்து வாங்குவதில்லை என்பது. முதல் சந்திப்புக்கு முகவர் விண்ணப்பத் தாளே எடுத்துப் போகக் கூடாது. குறைந்தது நான்கு நாள் கழித்து இரண்டாவது சந்திப்பு. அதில் பிள்ளைகளில் ஒருவராவது நேரிலோ தொலைபேசி ஸ்பீக்கரிலோ இருக்க வேண்டும். பிளாஸ்க் போன்ற பரிசுகளை நிறுத்தினோம். காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பிரீமியத்தில் தள்ளுபடி காட்டி ஆள் சேர்ப்பதைத் தடை செய்கிறது. கையெழுத்துக்குப் பரிசு என்பதும் அந்தத் தடையின் நோக்கத்துக்கு எதிரானதே. அதோடு, பரிசை வாங்கிக்கொண்டவருக்கு அடுத்த நாள் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

மூன்றாவது, அரசுத் திட்டத்தில் இடம் இருப்பவரை முதலில் அங்கே அனுப்புவது. ஓய்வூதிய அட்டையோ முதலமைச்சர் திட்ட அட்டையோ இருக்கிறதா என்பதுதான் முதல் சந்திப்பின் முதல் கேள்வி. தகுதி இருந்தால் வருமானச் சான்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எங்கள் மாத இலக்கை இது நேரடியாகப் பாதிக்கும் என்று தெரிந்தே இந்த முடிவை எடுத்தோம்.

நான்காவது, புதிய துண்டறிக்கை. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தாள்

இரண்டாவது தாளின் முதல் பக்கம் முழுவதும், பாலிசி எதற்குப் பணம் தராது என்பதுதான். அதை சதவீதத்திலும் விதிமுறை மொழியிலும் சொல்லாமல் மாதத்திலும் ரூபாயிலும் சொன்னோம். “இன்று சேர்ந்தால், கண்புரை ஆபரேஷனுக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கும் 2 வருடம் கழித்துத்தான் பணம் கிடைக்கும்” என்பது முதல் வரி. “சர்க்கரைக்கோ பிரஷருக்கோ நீங்கள் இப்போது மாத்திரை போட்டால், அதனால் வரும் சிகிச்சைக்கு 3 வருடம் கழித்துத்தான் கிடைக்கும்” என்பது இரண்டாவது. “ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 20 ரூபாய் உங்கள் கையிலிருந்து” என்பது மூன்றாவது. “நோய் வராவிட்டால் கட்டிய பணம் திரும்ப வராது” என்ற நான்காவது வரி அந்தப் பாட்டியால் வந்தது. என்ன கிடைக்கும் என்பது பின்பக்கத்தில் இருந்தது.

இந்த முறை தாளை நிறுவனத்தின் அனுமதிக்கு அனுப்பினோம். ஐந்து வாரம் ஆனது. சட்டப்படி இருக்க வேண்டிய எச்சரிக்கை வரிகளைச் சேர்க்கச் சொன்னார்கள். முதல் பக்கத்தைப் பின்பக்கமாக மாற்றலாமே என்றும் ஒருவர் கேட்டார். மாற்ற முடியாது என்று எழுதினேன். கடைசியில் அப்படியே அனுமதி வந்தது. பாலிசியோடு தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளைக் கேட்டால் வட்டார மொழியில் தர வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. முதல் 11 பேருக்கும் அது ஆங்கிலத்தில்தான் போயிருந்தது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. இனி ஒவ்வொருவருக்காகவும் முகவரே கேட்பது என்று முடிவு செய்தோம்.

ஓர் இரண்டாவது சந்திப்பு

2025 ஜூனில் நடந்த ஒரு சந்திப்பை விரிவாகப் பதிவு செய்கிறேன். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற, கணவரை இழந்த 64 வயது அம்மா. வீட்டை ஒட்டி அரை ஏக்கர் தேயிலை. மகள் கோவையில் இருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அறை வாடகை வரம்பைத்தான் விளக்கவேண்டியிருந்தது. பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது ஒரு நாளுக்கு 3,000 ரூபாய் வரை அறை வாடகை உண்டு. 5,000 ரூபாய் அறை எடுத்தால் மீதி 2,000 ரூபாயை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானே பணிக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் டாக்டர் கட்டணம், அறுவைக்கூடக் கட்டணம், நர்சிங் போன்ற, அறையைச் சார்ந்து கூடும் செலவுகள் எல்லாமே அதே விகிதத்தில் குறைக்கப்படும். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகியவை குறைக்கப்படுவதில்லை.

முகவர் காகிதம் கேட்டார். அந்த அம்மா மேசையிலிருந்த பசுந்தேயிலை எடைச் சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் முகவர் எழுதினார்: ஐந்து நாள், 5,000 ரூபாய் அறை, 25,000. டாக்டரும் அறுவைக்கூடமும் 90,000. மருந்தும் பரிசோதனையும் 65,000. மொத்தம் 1,80,000. இதில் அறைக்கு 15,000தான் கணக்கில் வரும். 90,000 ஐந்தில் மூன்று பங்காகி 54,000 ஆகும். 65,000 அப்படியே. கூட்டினால் 1,34,000. அதில் 20 சதவீதம் போக நிறுவனம் தருவது 1,07,200. அவர் கையிலிருந்து போவது 72,800.

அம்மா சீட்டைக் கையில் வாங்கி, விரலை ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தார். பிறகு, “இலை எடை போடறப்ப ஈரத்துக்குன்னு பிடிக்கிறாங்களே, அந்த மாதிரியா?” என்று கேட்டார். மழைக்காலத்தில் இலையில் நீர் இருப்பதாகச் சொல்லி எடையில் இத்தனை சதவீதம் என்று கழிப்பது இங்கே சிறு விவசாயிகள் அத்தனை பேருக்கும் தெரியும். அதில் அவர்களுக்கு வருத்தமும் உண்டு. முகவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஆமாங்கம்மா, பிடித்தம்தான். ஆனா இதுல எவ்வளவு பிடிப்பாங்கன்னு முன்னாடியே எழுதியிருக்கும்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் எந்த வீட்டிலும், வாடிக்கையாளரின் 20 சதவீதப் பங்கைக் குறிக்கும் “கோ-பே” என்ற சொல்லையோ “இணைப் பங்களிப்பு” என்ற நிறுவன மொழிபெயர்ப்பையோ பயன்படுத்தவில்லை. பிடித்தம் என்று சொன்னால் கேட்பவர்கள் எவ்வளவு பிடிப்பார்கள், எதில் பிடிப்பார்கள் என்று தாங்களே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த அம்மாவின் அடுத்த கேள்வி: “அப்ப 3,000க்குள்ள அறை எடுத்தா?” மற்றச் செலவு அதே அளவு என்றே வைத்துக்கொண்டாலும் பில் 1,70,000, விகிதக் குறைப்பு கிடையாது, 20 சதவீதம் மட்டும் 34,000. ஓர் அறையைத் தேர்ந்தெடுப்பதில் 38,800 ரூபாய் வித்தியாசம். தொலைபேசியில் மகள், “இதை ஏன் எனக்கு யாருமே சொல்லலை? எங்க ஆபீஸ் பாலிசியிலயும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

விண்ணப்பத்தின்போது ஓர் இடத்தில் தடங்கல் வந்தது. செயலியில் சம்மதம் தெரிவிக்க, வாடிக்கையாளர் எண்ணுக்கு ஓடிபி வரும். முகவர் அதைக் கேட்டதும் அம்மா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். யாரிடமும் ஓடிபி சொல்லாதே என்று வங்கியும் மகளும் சொல்லியிருக்கிறார்கள். அவர் செய்தது சரி. முகவர் வற்புறுத்தாமல், தன் கருவியை அவரிடமே கொடுத்து, மகள் தொலைபேசியில் இருக்க, வந்த செய்தியை முழுவதும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அது எதற்கு என்று தெரிந்த பிறகு அவரே எண்ணைப் பதியச் சொன்னார். பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. அன்றிலிருந்து, ஓடிபியை முகவர் கேட்பதில்லை என்பதையும் விதியாக்கிக்கொண்டோம்.

பிறகு நடந்தவை

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை முகவர் 41 வீடுகளுக்குப் போனார். 14 பாலிசிகள் எழுதினார். 12 வீடுகளுக்கு, உங்களுக்கு எங்கள் பாலிசி இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மற்றவர்கள் பிரீமியம் கட்டுப்படியாகாது என்றோ பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ விட்டுவிட்டார்கள். முதல் கூட்டத்தில் ஒரே நாளில் 11. இப்போது ஓராண்டில் 14. மேலிடத்தில் இந்த எண்ணிக்கைக்கு நான் இரண்டு முறை விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த 14இல் ஒன்றுகூட 30 நாளுக்குள் திருப்பித் தரப்படவில்லை. பழைய எட்டில் ஆறு பேர் ஆகஸ்டில் புதுப்பித்தார்கள். புதுப்பிக்காத இருவரும் அரசு ஓய்வூதியர்கள், நாங்களே வேண்டாம் என்று சொன்னவர்கள். கணக்கப்பிள்ளை ஐயா புதுப்பித்தார். இடையில் விட்டுவிட்டால் கடந்துபோன 12 மாதக் காத்திருப்பு வீணாகிவிடும் என்பதை முகவருக்கு முன்னால் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். புதிதாக எழுதிய 14 பேரில் மூவரை அனுப்பி வைத்ததும் அவர்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. ஆகஸ்டில் புதுப்பித்த ஆறு பேரும் ஒரு மாத வித்தியாசத்தில் வரி கட்டியிருந்தார்கள். அறிவிப்பு வந்த வாரமே முகவர் அந்த ஆறு வீடுகளுக்கும் போய், கட்டிய வரி திரும்ப வராது, அடுத்த ஆண்டு இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தார். அவராகப் போய்ச் சொல்லாவிட்டால், டிவியில் பார்த்துவிட்டு ஏமாற்றப்பட்டதாக நினைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நவம்பரில் அந்த ஆசிரியை அம்மா மழையில் நனைந்த படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விபத்து என்பதால் காத்திருப்பு இல்லை. கோவை மருத்துவமனையில் இரண்டு பேர் தங்கும் 2,800 ரூபாய் அறையை அவரே கேட்டு வாங்கினார். பில் 62,000. அதில் கையுறை, பஞ்சு போன்ற, பாலிசியில் வராத பொருட்கள் 1,900. மீதி 60,100இல் அவர் பங்கு 12,020. இந்தத் தொகைக்காக வீட்டிலேயே ஓர் உறையில் 15,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்ததாக மகள் பிறகு சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

அந்த உறையில் இருந்த பணம் போதவில்லை. கோத்தகிரியிலிருந்து கோவைக்குத் தனியார் ஆம்புலன்ஸுக்கு 6,500 ரூபாய் ஆனது. பாலிசி தருவது 2,000. 108 ஆம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது பொதுவாக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும். மலையில் இருப்பவர்களுக்கு மலையிறங்கும் செலவுதான் முதல் செலவு என்பது இங்கேயே வாழும் எங்கள் இருவருக்கும் தோன்றாமல் போயிற்று. காத்திருப்பையும் பிடித்தத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். பாலிசியில் வராத பொருட்களின் செலவையும் 1,80,000 ரூபாய்க் கணக்கில் நாங்கள் காட்டியிருக்கவில்லை.

இன்னொரு குறை, காது. ஸ்பீக்கரில் பிள்ளைகள் பேசும்போது காது மந்தமான பெற்றோர் உரையாடலிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள். முடிவு பிள்ளைக்கும் முகவருக்கும் இடையில் நடந்துவிடுகிறது. இரண்டு வீடுகளில் இது நடந்ததைப் பின்னால்தான் உணர்ந்தோம். பிள்ளை பேசி முடித்ததும், கைபேசியை அணைத்துவிட்டு, பெரியவரிடம் தனியாக, “உங்க தங்கச்சிக்கு எப்படிச் சொல்வீங்க?” என்ற கேள்வியைக் கேட்க வேண்டும் என்று இப்போது வைத்திருக்கிறோம்.

துண்டறிக்கையின் மூன்றாவது பதிப்பு அனுமதிக்காகப் போயிருக்கிறது. முதல் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: “கோவைக்கு ஆம்புலன்ஸில் போனால் 2,000 ரூபாய்தான் கிடைக்கும், மீதி உங்கள் கையிலிருந்து.”